ஸ்டைபண்டை இரண்டால் பெருக்கினால் சம்பளமா?

கிண்டியில் நூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண் ஒருத்தி ஜூலை முதல் டிசம்பர் வரை அங்கே இன்டர்ன்ஷிப் செய்கிறாள். மாத ஸ்டைபண்ட் 15,000 ரூபாய். டிசம்பர் கடைசி வாரத்தில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, “உங்களை நிரந்தரமா எடுத்துக்கிறோம்மா. வருஷத்துக்கு 4,80,000. இப்ப வாங்குறதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல” என்கிறார். மாதம் நாற்பதாயிரம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. சரி என்று வாய் வந்துவிடுகிறது.

அந்த “ரெண்டு மடங்கு” என்ற இடத்திலேயே பேரம் முடிந்துவிடுகிறது. ஸ்டைபண்ட் என்பது கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் கொடுத்த கைச்செலவு. அது அந்த வேலையின் விலை அல்ல. அதே இருக்கைக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தால் நிறுவனம் என்ன கொடுக்கும் என்பதுதான் விலை. அப்படி வருபவர் வேலைக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும், அந்த மாதங்களுக்கும் முழுச் சம்பளம் போகும். இன்டர்ன் அந்தக் காலத்தை 15,000 ரூபாயில் முடித்துவிட்டே வருகிறாள். பேச்சு தொடங்க வேண்டியது அந்த ஆறு மாதத்திலிருந்துதான்.

முதலில் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். “ரொம்ப சந்தோஷம் சார். சம்பள விவரத்தோட ஆஃபர் லெட்டரை மெயில்ல அனுப்புங்க. படிச்சுட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில்தான் சிடிசி உடைத்து எழுதப்பட்டிருக்கும். நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கிறது: வேரியபிள் 48,000. ஒரு வருடம் முடிந்தபின் தரும் ரிடென்ஷன் போனஸ் 40,000. நிறுவனம் பி.எஃப்.புக்குக் கட்டும் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டியும் மருத்துவக் காப்பீடும் சேர்த்து 14,400. ஆக 1,24,000 ரூபாய் மாதச் சம்பளமாக வரப்போவதில்லை. மீதி 3,56,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29,600 சொச்சம். அதில் அவள் பங்குக்கு ஒரு 1,800 பி.எஃப்.புக்குப் போகும், தொழில் வரியும் போகும். கைக்கு வருவது 27,000 சொச்சம்.

பி.எஃப். அவள் பணம்தான், அதில் வருத்தமில்லை. கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான். வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் மேனேஜரின் மதிப்பெண்ணையும் பொறுத்தது. ரிடென்ஷன் போனஸோ, பதினோராவது மாதம் கிளம்பினால் ஒரு பைசாகூடக் கிடைக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “4,80,000-ஐ எவ்வளவு ஏத்துவீங்க?” என்பதல்ல. “ஃபிக்ஸட் எவ்வளவு?” என்பதுதான்.

இதை யாரிடம் கேட்பது? ஹெச்.ஆரிடம் அந்தப் பதவிக்கு ஒரு சம்பள வரம்பு இருக்கும். அதற்குள் ஒருவரை மேலே நகர்த்த வேண்டும் என்றால் பெரும்பாலும் மேனேஜர் சொல்ல வேண்டும். அவளை அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடினால் கஷ்டப்படப் போகிறவரும் மேனேஜர்தான். எனவே முதல் பேச்சு அவரிடம். போவதற்கு முன் அதே டீமில் போன வருடம் சேர்ந்தவர்களுக்கு ஃபிக்ஸட் எவ்வளவு என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே, தான் எழுதியதில் இன்று வாடிக்கையாளர்கள் பயன்படுத்துவது எது என்று நாலு வரி. “நல்லா உழைச்சேன் சார்” என்பதை வைத்துக்கொண்டு மேனேஜரால் மேலே பேச முடியாது. “இன்வாய்ஸ் சரிபார்க்கிற ஸ்கிரிப்ட் நான் எழுதினது, அக்டோபர்ல இருந்து லைவ்ல இருக்கு, அதுல வர்ற பிரச்சினையையும் நான்தான் பார்க்கிறேன்” என்றால் அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

தொகை என்று சொன்னால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், காரணத்தோடு. டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 4,20,000 ஃபிக்ஸட் என்று தெரிந்தால் அதையே கேட்கலாம். “முப்பத்தஞ்சுல இருந்து நாப்பதுக்குள்ள” என்று சொன்னால் முப்பத்தைந்துதான் காதில் விழும். கையில் இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்லவே கூடாது. “லெட்டரைக் காட்டுங்க” என்று கேட்டால் அத்தனை மாதம் சம்பாதித்த நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

இப்போது ஹெச்.ஆர். “பட்ஜெட் 4,80,000தாம்மா, அதுக்கு மேல போக முடியாது” என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். அங்கே எழுந்து வந்துவிட வேண்டாம். “அந்த 40,000 ரிடென்ஷன் போனஸை ஃபிக்ஸட்ல சேர்த்துத் தர முடியுமா சார்?” என்று கேட்கலாம். சேர்த்தால் ஃபிக்ஸட் 3,96,000, மாதம் 33,000, கைக்கு ஏறக்குறைய 31,000. நிறுவனத்தின் மொத்தச் செலவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அடுத்த உயர்வைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஃபிக்ஸட்டில்தான் கணக்கிடும். அடுத்த வேலைக்குப் போகும்போது கேட்கப்படும் பே ஸ்லிப்பிலும் தெரிவது இந்தத் தொகைதான்.

சம்பளத்தைவிட அதிகமாகக் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: அப்ரைசல் தேதி. பல நிறுவனங்களில் உயர்வு ஏப்ரலில் வரும், ஆனால் முந்தைய செப்டம்பருக்குள் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு விதி இருக்கும். ஜனவரியில் நிரந்தரமாகும் இந்தப் பெண் அந்த ஏப்ரலையும் விட்டு, அடுத்த ஏப்ரல் வரை பதினைந்து மாதம் காத்திருக்க வேண்டும். ஜூலையிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. “இன்டர்ன்ஷிப் மாதங்களையும் சேர்த்து இந்த ஏப்ரல் அப்ரைசலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பது நியாயம். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தானே எடுக்கிறார்கள், ப்ரொபேஷனையும் குறைக்கச் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் ஆஃபர் லெட்டரிலோ மெயிலிலோ எழுத்தில் வர வேண்டும். வாயால் சொன்ன மேனேஜர் மார்ச்சில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும்.

பாண்டு இருந்தால் தனியாக உட்கார்ந்து படியுங்கள். “பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காது” என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்திருக்கிறது. அது ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கு, எல்லாத் தொகைக்கும் எல்லா நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்தாது என்பது வேறு. பயிற்சிச் செலவுக்காகத்தான் பாண்டு என்றால், பயிற்சிதான் 15,000 ஸ்டைபண்டில் முடிந்துவிட்டதே என்று சொல்லிக் காலத்தையோ தொகையையோ குறைக்கச் சொல்லலாம். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் மட்டும் கொடுக்கவே வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் இந்தப் பேச்சுக்கு அநேகமாக இடமில்லை. புதியவர்கள் எல்லோருக்கும் ஒரே சம்பளம். அங்கே சேரும் தேதி, ஊர், எந்த ப்ராஜெக்ட் என்பதைக் கேட்டுப் பார்க்கலாம். இடம் இருப்பது சின்ன, நடுத்தர நிறுவனங்களில். அங்கேயும் கையெழுத்துக்கு முன்னால்தான். டிசம்பர் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே “என்னை எடுக்கிற எண்ணம் இருக்கா சார்?” என்று மேனேஜரைக் கேட்டுவிட்டால், வேறு இடங்களில் விண்ணப்பிக்க ஒரு மாதம் கிடைக்கும். பேச்சு எப்படி முடிந்தாலும், ஜூலை முதல் டிசம்பர் வரை இன்ன வேலை செய்தார் என்று தேதியோடு ஒரு இன்டர்ன்ஷிப் சான்றிதழை டிசம்பர் முடிவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.