பணிவழி மருத்துவக் காப்பீடு: வேலையை விட்டபின் என்ன ஆகும்?

பணிவழி மருத்துவக் காப்பீடு என்பது, ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காகவும் பெரும்பாலும் அவர்களின் குடும்பத்தாருக்காகவும் மொத்தமாக எடுத்துக்கொடுக்கும் மருத்துவக் காப்பீடு ஆகும். இந்தியாவில் இது குழு மருத்துவக் காப்பீடு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘கம்பெனி மெடிக்ளெய்ம்’. 2020 ஏப்ரலில், ஊரடங்குக்குப் பின் பணியிடங்களைத் திறப்பதற்கான விதிகளில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் சேர்த்தது. அதன்பின் சிறிய நிறுவனங்களிலும் இப்பேச்சு பரவியது.

இதில் அடிப்படையான ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. இந்தப் பாலிசியின் உரிமையாளர் ஊழியர் அல்லர், நிறுவனம். காப்பீட்டு நிறுவனமும் வேலை தரும் நிறுவனமும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஊழியரின் பெயர் அதன் உறுப்பினர் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. வேலை முடிந்தால் அந்த வரி நீக்கப்படும். அதன்பின் நடப்பவை எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

சம்பளக் கணக்கில் அதன் மதிப்பு

பணி நியமனக் கடிதத்தில் ‘சி.டி.சி’ என்று ஓர் ஆண்டுத் தொகை போடப்பட்டிருக்கும். நிறுவனம் ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை அது. பல நிறுவனங்கள் காப்பீட்டுப் பிரீமியத்தையும் அதற்குள் சேர்த்துவிடுகின்றன. நிறுவனம் கட்டும் இந்தப் பிரீமியம் ஊழியரின் வருமானமாகக் கருதி வரி விதிக்கப்படுவதில்லை என்பதால், அதே தொகையைக் கையில் சம்பளமாக வாங்குவதைவிட இது சற்று லாபமானது.

ஆனால் உண்மையான லாபம் வரியில் இல்லை. ஆயிரம் பேரை ஒன்றாகச் சேர்க்கும்போது அவர்களில் பெரும்பாலோர் இளையவர்களாகவும் நோயற்றவர்களாகவும் இருப்பார்கள் என்ற கணக்கில் பிரீமியம் குறைகிறது. அதோடு, தனியாக எடுக்கும் பாலிசிகளில் இருக்கும் காத்திருப்புக் காலங்களைக் குழுப் பாலிசியில் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதற்கும் சேர்த்துக் காப்புப் பெறுகிறார். மகப்பேறு, சில இடங்களில் எழுபது வயதுப் பெற்றோர் ஆகியவையும் அப்படியே.

ஆகவே சி.டி.சி-யில் 20,000 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தால், அது இருபத்தைந்து வயது ஆரோக்கியமான ஊழியருக்கு ஏறத்தாழ அந்த மதிப்புதான். நாற்பத்தைந்து வயதில் இரத்த அழுத்தமும் முதிய பெற்றோரும் உள்ளவருக்கோ, அதே காப்பை வெளியில் வாங்க அதைப்போலப் பல மடங்கு ஆகும். சில நேரம் எந்த விலைக்கும் கிடைக்காது. நியமனக் கடிதத்தில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். வேலையை விடும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பதை அந்த எண்ணை வைத்து அளக்கக் கூடாது.

கடைசி நாளன்று நடப்பது

பொதுவாகக் காப்பு, பணியின் கடைசி நாளோடு முடிகிறது. பாலிசி ஆண்டு முடியும்வரை நீடிக்கும் என்று நினைப்பது தவறு. இதற்கு ஒரு பணக் காரணம் உண்டு. ஊழியர் விலகியதும் மனிதவளத் துறை அவர் பெயரை நீக்கச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுகிறது. அவர் அதுவரை இழப்பீடு எதுவும் கோராதிருந்தால், மீதி நாள்களுக்கான பிரீமியம் பொதுவாக நிறுவனத்தின் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படுகிறது. பணம் திரும்பிய நாள்களுக்குக் காப்பு இருக்க முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த நீக்கப் பட்டியல் பல நிறுவனங்களில் மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறது. அதனால் விலகிய பிறகும் சில நாள் மின் அட்டை செயலியில் ‘ஆக்டிவ்’ என்றே காட்டலாம். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையும் அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு விலகிய தேதி தெரிய வந்ததும் அனுமதி திரும்பப் பெறப்படும். கட்டணம் நோயாளியின் தலையில் விழும். அட்டையை நம்பாமல், பணிவிடுப்புக் கடிதத்தில் உள்ள தேதியையே நம்ப வேண்டும்.

வேலையில் இருந்தபோது நடந்த சிகிச்சைக்கு, விலகிய பிறகும் பணம் கோரலாம். ஆனால் பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் ரசீதுகளை அனுப்ப வேண்டும். கடைசி நாளுக்கு முன் சேர்ந்து அதற்குப் பின் வீடு திரும்பினால் என்ன, வீடு திரும்பிய பின் வாங்கும் மருந்துகளுக்கு என்ன என்பவை பாலிசிக்குப் பாலிசி மாறும். இவற்றை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

எடுத்துச் செல்லக்கூடியது

காப்பை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் காப்பில் கழித்த காலத்தை எடுத்துச் செல்லலாம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளின்படி, குழுப் பாலிசியின் உறுப்பினர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறிக்கொள்ளலாம். இதற்கு ‘மைக்ரேஷன்’ என்று பெயர். அதன்பின் வேண்டுமானால் புதுப்பிக்கும் சமயத்தில் வேறு காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறலாம், அது ‘போர்ட்டபிலிட்டி’.

காலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? புதிதாக வாங்கும் தனிநபர் பாலிசியில், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காப்பு இராது. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். 2024 ஏப்ரல் முதல் இதுவே உச்ச வரம்பு. மைக்ரேஷன் வழியாக வருபவருக்கு, குழுப் பாலிசியில் இடைவெளியின்றிக் கழித்த மாதங்கள் இந்தக் காத்திருப்பிலிருந்து கழிக்கப்படும்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோவையில் வேலை செய்யும் 44 வயதுக்காரர் ஒருவர், சர்க்கரை நோயாளி. நிறுவனத்தில் 38 மாதம் இருந்தார். குழுப் பாலிசியில் 5 லட்சம் காப்பு. ஆகஸ்ட் 31 அவருடைய கடைசி நாள். அடுத்த வேலை அக்டோபர் 15 அன்று. புதிய நிறுவனத்தின் காப்பு அன்றுதான் தொடங்கும். இடையில் செப்டம்பர் 20 அன்று நெஞ்சு வலியோடு மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் முழுச் செலவும் அவருடையதே. செப்டம்பர் 1 அன்று புதிய பாலிசி ஒன்றை வாங்கியிருந்தாலும் பயனில்லை. அது முதல் 30 நாளுக்குள் வந்த நோய். அடுத்த மாதம் வந்திருந்தால்கூட, இதய நோய் சர்க்கரையால் வந்ததா என்ற வாதம் எழுந்திருக்கும். மாறாக, பணி அறிவிப்புக் காலத்திலேயே மைக்ரேஷன் செய்து செப்டம்பர் 1 முதல் 10 லட்சத்துக்குக் குடும்பப் பாலிசி எடுத்திருந்தால், 38 மாதமும் கணக்கில் சேர்ந்து இரண்டு காத்திருப்புகளும் தீர்ந்திருக்கும். ஆனால் 5 லட்சம் வரைக்கும்தான். கூடுதலாக எடுத்த 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். அவர் 20 மாதமே வேலை பார்த்திருந்தால், 36 மாதக் காத்திருப்பில் இன்னும் 16 மாதம் மீதமிருக்கும்.

இதில் இரண்டு வரம்புகள் உண்டு. பிரீமியம் குழு விலையில் இராது. வயதுக்குரிய தனிநபர் விலைதான். மேலும், குழுவிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாறும்போது காப்பீட்டு நிறுவனம் உடல்நிலையைப் பரிசீலிக்கலாம். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். விண்ணப்பிக்கும் உரிமை உண்டே தவிர, ஏற்றுக்கொள்ளப்படும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் விலகல் கடிதம் கொடுத்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். காப்பு முடிவதற்கு 30 நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், மறுக்கப்பட்டாலும் வேறு வழி பார்க்க நேரம் இருக்கும். காப்பு தொடங்கிய தேதி, ஆண்டுவாரியான காப்புத் தொகை, பெற்ற இழப்பீடுகள் ஆகியவற்றைக் காட்டும் சான்றை மனிதவளத் துறையிடமோ, இழப்பீடுகளைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனத்திடமோ வாங்கி வைக்க வேண்டும். விலகிய பின் அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு இந்தத் தாளைப் பெறுவது பெரும்பாடு.

‘சூப்பர் டாப்-அப்’ வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் 5 லட்சம் தருகிறது என்று, அதற்குமேல் ஆகும் செலவுக்கு மட்டும் மலிவான பாலிசி ஒன்றை எடுத்திருப்பார்கள். வேலை போனபின் அது உயிரோடுதான் இருக்கும். ஆனால் முதல் 5 லட்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இ.எஸ்.ஐ-யில் கணக்கு வேறு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கான தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ) வேலை நின்ற நாளோடு எல்லாம் நிற்பதில்லை. அங்கே முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பயன் கிடைக்கும். ஓராண்டாக வேலை செய்து ஆகஸ்ட் இறுதியில் நின்ற தொழிலாளிக்கு, தேவையான நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த ஜூன் வரை மருத்துவ வசதி இருக்கும். திருப்பூரிலோ அம்பத்தூரிலோ வேலை இழந்த பலர், அட்டை செல்லாது என்று தாங்களே முடிவுகட்டி மருந்தகப் பக்கமே போவதில்லை. அட்டையில் உள்ள காப்பீட்டு எண்ணை வைத்து, தகுதி எந்தத் தேதிவரை என்பதை இ.எஸ்.ஐ மருந்தகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டு அதைக் கட்டாமல் விடும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் இ.எஸ்.ஐ கணக்கில் அந்த மாதம் காலியாக இருந்தால், வேலையில் இருக்கும்போதே வட்டார இ.எஸ்.ஐ அலுவலகத்தில் புகார் செய்யலாம். அதற்குச் சம்பளச் சீட்டுதான் சான்று. மாதாமாதம் அதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.