8 ஜிபி, 512 ஜிபி: மடிக்கணினி வாங்கும்போது எதை முதலில் பார்க்கணும்?

பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ சேரப் போகிறீர்கள். முதல் மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒரு சிறிய அட்டை. அதில் இரண்டு எண்கள்: 8 ஜிபி, 512 ஜிபி.

இரண்டுமே ஜிபி. அதனால்தான் குழப்பம். "512 இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த 8-ஐப் பத்திக் கவலைப்படணும்?" என்று பலர் நினைப்பதுண்டு.

ஆனால் அவை இரண்டு வெவ்வேறு பொருள்களின் அளவு. சின்ன எண் நினைவகம், அதாவது ரேம். பெரிய எண் சேமிப்பகம். இப்போதைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் எஸ்எஸ்டி.

என்ன வேறுபாடு?

பரோட்டாக் கடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் பெரிய குளிர்பதனப் பெட்டி. அதில் மாவு, முட்டை, வெங்காயம் எல்லாம் இருக்கும். முன்னால் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மேடை. மாஸ்டர் இப்போது போடுகிற பரோட்டாவுக்கு வேண்டியது மட்டும்தான் அந்த மேடையில் இருக்கும். கடை மூடியதும் மேடையைத் துடைத்துவிடுவார்கள். பெட்டியில் உள்ளது மறுநாளும் அப்படியே இருக்கும்.

அந்தப் பெட்டிதான் சேமிப்பகம், மேடைதான் நினைவகம். நீங்கள் ஒரு செயலியைத் திறக்கும்போது, அதற்கு வேண்டியவை சேமிப்பகத்திலிருந்து நினைவகத்துக்கு வருகின்றன. கணினியின் மூளையான சிபியு நினைவகத்தில் உள்ளதை வைத்துத்தான் வேலை செய்கிறது.

நினைவகத்துக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் உள்ளே இருந்தது போய்விடும். சேமிக்காமல் எழுதிய கட்டுரை கணினி திடீரென்று அணைந்தால் காணாமல் போவது அதனால்தான். மூடியை மூடி 'ஸ்லீப்' நிலையில் வைத்த கணினியில் மின்கலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்கும் அது ஒரு காரணம். நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

மேடை நிரம்பிவிட்டால்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நினைவகம் நிரம்பினால் கணினி உடனே நின்றுவிடாது. நீங்கள் அந்த நேரத்தில் தொடாதவற்றை எடுத்துச் சேமிப்பகத்தின் ஒரு மூலையில் தற்காலிகமாக வைக்கும். திரும்பக் கேட்டால் அங்கிருந்து கொண்டுவரும். மாஸ்டர் ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் போய்ப் பெட்டியைத் திறப்பது மாதிரி.

எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனாலும் ஒரு தகவலைத் தேடி எடுக்க அதற்கு ஆகும் நேரம் நினைவகத்துக்கு ஆவதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகம். ஒருமுறை என்றால் நமக்குத் தெரியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை நடந்தால் கணினி திணறுவது நன்றாகவே தெரியும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரே விலையில் இரண்டு மடிக்கணினிகள். ஒன்றில் 8 ஜிபி நினைவகம், 1 டிபி சேமிப்பகம். மற்றொன்றில் 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி சேமிப்பகம். 1 டிபி என்றால் 1,000 ஜிபி. பார்த்தவுடன் முதல் கணினிதான் லாபம் என்று தோன்றும்.

இப்போது ஒரு மாணவரின் சாதாரண மாலை நேரத்தைக் கணக்குப் போடுவோம். கணினியைத் திறந்தவுடனேயே விண்டோஸ் 11 தனக்கென்று 3 முதல் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். உலாவியில் பதினைந்து பக்கங்கள், ஒன்றில் காணொளி ஓடுகிறது: 2 முதல் 3 ஜிபி. இணையவழிக் கலந்துரையாடலுக்குச் சுமார் 1 ஜிபி. வேர்ட், பவர்பாயிண்ட், வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்து இன்னொரு 1 ஜிபி. கணினிக்குக் கணினி இது மாறும். ஆனால் கூட்டினால் 7 முதல் 9 ஜிபி வந்துவிடுகிறது. தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத மடிக்கணினிகளில் திரைக்கான வேலையும் இதே 8 ஜிபியிலிருந்து ஒரு பங்கைக் கேட்கும்.

ஆக, முதல் கணினி வாங்கிய வாரத்திலேயே விளிம்பில் நிற்கிறது. அதன் 1 டிபி இதில் எந்த உதவியும் செய்யாது. பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேடை சின்னதுதான்.

இரண்டாவது கணினியின் 512 ஜிபி போதுமா? விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் 50 முதல் 80 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுப் பாடக்குறிப்புகளும் பவர்பாயிண்ட் கோப்புகளும் பெரும்பாலும் சில பத்து ஜிபிக்குள் அடங்கும். மீதி இடம் தாராளம். பெரிய கணினி விளையாட்டுகள் வேண்டுமென்றால் நிலைமை வேறு. ஒரே விளையாட்டு 100 ஜிபிக்கு மேல் கேட்கலாம். காணொளித் தொகுப்பு படிப்பவர்களுக்கும் இடம் சீக்கிரம் தீரும். ஆனால் அவர்களுக்கும் 8 ஜிபி நினைவகம் பத்தாது.

பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

சேமிப்பகம் குறைந்தால் வழி இருக்கிறது. வெளியே செருகும் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கலாம், கோப்புகளை மேகச் சேமிப்பில் போடலாம். நினைவகத்தை அப்படி வெளியிலிருந்து செருக முடியாது. மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் அதைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கிய அளவுதான் கடைசிவரைக்கும். மேக்புக்கில் இரண்டையுமே பிறகு கூட்ட முடியாது. மேலே சொன்ன இரண்டில் 16 ஜிபி கணினியை நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். விவரப் பட்டியலில் நினைவகத்துக்குப் பக்கத்தில் onboard அல்லது soldered என்று இருந்தால் அது பற்றவைக்கப்பட்டது. LPDDR என்று தொடங்கும் வகையும் பெரும்பாலும் அப்படித்தான். காட்சிக்கு வைத்த விண்டோஸ் கணினியில் Ctrl+Shift+Esc அழுத்தி, Task Manager-இல் Performance, பிறகு Memory என்று போனால் Form factor என்ற வரி இருக்கும். அதில் SODIMM என்று இருந்தால் கழற்றி மாற்றும் வகை. Row of chips என்றால் மாற்ற முடியாதது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய கணினி மெதுவாக ஓடுகிறதா? அதற்கும் இதே இடம் உதவும். நினைவகம் 60 விழுக்காடு என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. பக்கங்களை மாற்றி மாற்றித் திறக்கும்போது கணினி உறைந்து நிற்கிறது, அதே நேரம் Memory 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, Disk-உம் கூடவே ஏறுகிறது என்றால் நினைவகம்தான் பத்தவில்லை. அப்போது உட்கார்ந்து படங்களை அழிப்பதில் பயனில்லை, திறந்து கிடப்பவற்றை மூடணும். மாறாக, கோப்பைச் சேமிக்க முடியவில்லை, விண்டோஸ் புதுப்பிப்பு பாதியில் நிற்கிறது, C: வட்டின் பட்டை சிவப்பாகிவிட்டது என்றால் அது சேமிப்பகத்தின் குறை. அப்போது அழிக்கலாம்.

இன்னொன்று. 512 ஜிபி என்று வாங்கிய கணினியை வீட்டில் திறந்தால் விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதை 107 கோடிக்குச் சற்று அதிகமான பைட் என்று எண்ணுகிறது. இடம் எங்கும் போகவில்லை.