சாய்ந்து கிடக்கும் நீள்வட்டம்

பாடப்புத்தகத்தில் வரும் நீள்வட்டத்துக்கு நெட்டச்சு பெரும்பாலும் படுக்கையாக இருக்கும், இல்லையென்றால் நிமிர்ந்து நிற்கும். 5x² + 4xy + 8y² = 36 என்ற சமன்பாடு அப்படிப்பட்டதல்ல. நடுவில் இருக்கும் 4xy வளைவைச் சாய்த்துவிடுகிறது. அது நீள்வட்டமா, அதிபரவளையமா என்பதே பார்த்தவுடன் தெரியாது.

குணகங்கள் எல்லாம் மிகை எண்கள்தானே, நீள்வட்டமாகத்தான் இருக்கும் என்று தோன்றலாம். அந்த ஊகத்தை நம்ப முடியாது. 4xy-ஐ 16xy ஆக்கி, x = 1, y = −1 என்று போட்டால் 5 − 16 + 8 = −3 கிடைக்கிறது. குணகம் ஒவ்வொன்றும் மிகை, கோவையோ குறைக்குப் போய்விட்டது! x, y இரண்டும் சேர்ந்து பூச்சியமாக இருக்கும் இடம் தவிர வேறெங்கும் மிகையாகவே நிற்கும் கோவையைத்தான் ‘மிகை நிச்சய’ வடிவம் என்கிறார்கள். 16xy வந்ததும் அந்தத் தகுதி போய், வளைவு அதிபரவளையமாகிவிடுகிறது.

முதல் சமன்பாட்டை அணியாக எழுதினால் மேல் வரிசை 5, 2; கீழ் வரிசை 2, 8. நான்கைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு மூலைகளில் வைக்க வேண்டும். பாதியாக்க மறந்து 4, 4 என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். இந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் 5 + 8 = 13, பெருக்கினால் 5 × 8 − 2 × 2 = 36. அப்படியானால் அவை 4, 9. இரண்டும் மிகை, எனவே நீள்வட்டம்தான்.

4-க்கு உரிய திசை (2, −1), 9-க்கு உரியது (1, 2). இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. சமச்சீர் அணியில் வெவ்வேறு ஐகன் மதிப்புகளின் திசைகள் எப்போதும் அப்படித்தான் அமையும். இந்தத் திசைகளே வளைவின் முதன்மை அச்சுகள். அச்சுகளை அங்கே திருப்பி, புதிய ஆயங்களை u, v என்று வைத்தால் xy உறுப்பு மறைந்து 4u² + 9v² = 36 மட்டும் மிஞ்சுகிறது. அரை நெட்டச்சு 3, அரைக் குற்றச்சு 2. சிறிய ஐகன் மதிப்புக்குத்தான் நீளமான அச்சு என்பது முதலில் சற்று உறுத்தும்; 4u² = 36 என்று தனியாக எழுதினால் காரணம் விளங்கிவிடும். நெட்டச்சு x அச்சுக்குக் கீழே ஏறக்குறைய 26.6 பாகை சாய்ந்திருக்கிறது.

ஐகன் மதிப்பு தேடாமல் வர்க்கமாக நிரப்பியும் பார்க்கலாம்: 5(x + 2y/5)² + 7.2y². குறிகள் இரண்டும் மிகை, ஆகவே நீள்வட்டம் என்ற முடிவு சரி. எந்த வழியில் வர்க்கங்களாகப் பிரித்தாலும் மிகை, குறைகளின் எண்ணிக்கை மாறாது என்பது 1852இல் சில்வெஸ்டர் வெளியிட்ட விதி. ஆனால் 5-உம் 7.2-உம் அச்சுகளின் நீளத்தைத் தராது; இங்கே வரும் புதிய ஆயங்கள் செங்குத்தானவை அல்ல. வளைவின் இனம் மட்டும் போதுமென்றால் இந்தக் குறுக்குவழி போதும், அளவும் வேண்டுமென்றால் ஐகன் மதிப்புகளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

முப்பரிமாணத்திலும் இதே வேலைதான். 2xy + 2yz + 2zx = 1 என்ற பரப்பில் வர்க்க உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஐகன் மதிப்புகள் 2, −1, −1. ஒரு மிகை, இரண்டு குறை என்பதால், (1, 1, 1) திசையை அச்சாகக் கொண்டு எதிரெதிரே இரு துண்டுகளாகப் பிரிந்து நிற்கும் அதிபரவளையப் பரப்பு அது. குறை மதிப்புகள் இரண்டும் சமமாக இருப்பதால், அந்த அச்சுக்குக் குறுக்கே துண்டுகளை எங்கே வெட்டினாலும் வட்டமே கிடைக்கும்.