‘இல்லை’ என்பதை இருவருக்குச் சொல்ல வேண்டும்

ஒரு இணையதளத்தில் இல்லாத பக்கத்தைக் கேட்டால் சர்வர் இரண்டு பதில் தருகிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிற பக்கம். இன்னொன்று அதற்கு முன்னால் பிரவுசருக்குப் போய்ச் சேரும் மூன்றிலக்க எண். 200 என்றால் கேட்டது இருக்கிறது, இதோ. 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது. 302 என்றால் இப்போதைக்கு வேறிடத்தில் இருக்கிறது. 404 என்றால் இல்லை. வாசகர் பக்கத்தைப் படிக்கிறார். கூகுளின் ரோபோ முதலில் எண்ணைப் பார்க்கிறது. பக்கம் ‘இல்லை’ என்று சொல்ல, எண் ‘இருக்கிறது’ என்று சொன்னால் அதற்குப் பெயர் சாஃப்ட் 404. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் பிழைப்பக்கத்தை அழகாக்கப் போய்த்தான் இது வந்து சேர்கிறது.

ஒரு சிறு புத்தகக் கடையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். பழைய தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் `book.php?id=57` என்பது போன்ற முகவரி. தளத்தைப் புதுப்பித்தபோது முகவரிகள் எல்லாம் மாறின. பழைய சுட்டிகளோ மதிப்புரைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைத் தட்டி வருபவர்களுக்காகக் கடைக்காரர் நல்ல பிழைப்பக்கம் ஒன்றைத் தயாரித்து, அப்பாச்சி சர்வரின் அமைப்புக் கோப்பில் இப்படி எழுதுகிறார்:

```
ErrorDocument 404 https://example.com/404.html
```

பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். தவறான முகவரி கொடுத்தால் அழகான பக்கம் வருகிறது. ஆனால் முழு முகவரி கொடுக்கப்பட்டதால் அப்பாச்சி, பிழை எண்ணை அனுப்பாமல் 302 என்று சொல்லி அந்த முகவரிக்குத் திருப்பி விடுகிறது. அங்கே `404.html` என்ற கோப்பு உண்மையாகவே இருப்பதால் அது 200 என்கிறது. ஆக, 404 என்ற எண் யாருக்கும் போகவே இல்லை. திருத்தம் இவ்வளவுதான்:

```
ErrorDocument 404 /404.html
```

தளத்தின் பெயரை எடுத்துவிட்டு, சாய்கோட்டில் தொடங்க வேண்டும். இப்போது அதே பக்கம் 404 என்ற எண்ணோடு போகும்.

முதல் வரியால் மூன்று பேருக்கு நஷ்டம். வாசகருக்கு: பிரவுசரின் முகவரிப் பட்டையில் அவர் அடித்தது மறைந்து `404.html` என்று மாறிவிடுகிறது, எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வழியில்லை. கடைக்காரருக்கு: சர்வரின் பதிவேட்டில் 404 என்று எதுவும் விழாததால் எந்தச் சுட்டிகள் உடைந்திருக்கின்றன என்று தெரியாது. கூகுளுக்கு: போன பழைய நூல்பக்கங்கள் எல்லாம் ஏதோ தற்காலிகமாக இடம் மாறியிருப்பதாகத் தோன்றும், அவற்றை மறுபடி மறுபடி வந்து பார்க்கும். பெரிய தளமானால் புதிய பக்கங்களைப் பார்க்க வேண்டிய நேரம் இந்த வெற்று முகவரிகளில் கழியும்.

உங்கள் தளம் எப்படி என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டெர்மினலில் வாய்க்கு வந்த ஒரு முகவரியைக் கொடுத்துக் கேட்க வேண்டும்:

```
curl -I https://example.com/illaadha-pakkam
```

முதல் வரியில் 404 என்று வந்தால் சரி. 302 என்றோ 200 என்றோ வந்தால் மேலே சொன்ன கதை நடக்கிறது. டெர்மினல் பழக்கமில்லாதவர்கள் கூகுள் சர்ச் கன்சோலில், பக்கங்கள் ஏன் அட்டவணையில் சேரவில்லை என்ற பட்டியலுக்குப் போனால் `Soft 404` என்ற வரியைப் பார்க்கலாம்.

இன்னொரு பழக்கமும் பரவலாக இருக்கிறது. இல்லாத முகவரிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடுவது. வேர்ட்பிரஸ்ஸில் இதற்கென்றே பிளகின்கள் உண்டு. ‘வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது’ என்ற நல்லெண்ணம்தான், ஆனால் எனக்கு இதைவிட எரிச்சலூட்டுவது எதுவுமில்லை. ஒரு நூலைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று, தான் தவறாகத் தட்டிவிட்டோமா என்று குழம்புகிறார். கூகுளும் ஏமாறுவதில்லை, சம்பந்தமில்லாமல் முகப்புக்குப் போகும் இத்தகைய திருப்பல்களை அது சாஃப்ட் 404 என்றே எடுத்துக்கொள்கிறது. 301 நல்ல கருவி, ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று பயன்படுத்த வேண்டும்: 57ஆம் எண் நூலின் பழைய முகவரி அதே நூலின் புதிய முகவரிக்குப் போக வேண்டும்.

எண் சரியான பிறகு பக்கத்துக்கு வருவோம். ‘404 எர்ரர்’ என்று பெரிதாக எழுதுவதில் வாசகருக்கு ஒரு லாபமும் இல்லை. ‘இந்த முகவரியில் பக்கம் இல்லை. தளத்தை மாற்றியபோது பல நூல்களின் முகவரிகள் மாறிவிட்டன’ என்று இரண்டு வாக்கியம் போதும். அடுத்து தேடல் பெட்டி, முகவரியில் சொற்கள் இருந்தால் அவற்றை அதில் நிரப்பி வைத்து. பிறகு, நூல் வகைகள், ஆசிரியர் பட்டியல், தொலைபேசி எண். அவ்வளவுதான். ஐந்து விநாடியில் தானாக முகப்புக்குத் தாவும் வித்தை வேண்டாம். படிக்க நேரமெடுப்பவரை அது விரட்டுகிறது.

ஒரு தொழில்நுட்பக் கண்ணி: பிழைப்பக்கம் எந்த ஆழத்திலும் தோன்றும். `/noolgal/varalaru/` என்பதற்குள் இல்லாத ஒன்றைக் கேட்டால், பக்கத்திலுள்ள `css/style.css` என்ற குறிப்பை பிரவுசர் அந்த அடைவுக்குள்ளேயே தேடும், கிடைக்காது, பக்கம் அலங்காரமின்றி வரும். `/css/style.css` என்று சாய்கோட்டில் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்தில் முகவரி வைக்கும் தளங்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் `%E0%AE%85` என்பது போல ஒன்பது எழுத்தாக விரிகிறது. ‘அம்மா’ என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி ஐந்து குறிகள். விரிந்தால் 45 எழுத்து. நூலின் முழுத் தலைப்பே முகவரியானால் நீளம் எங்கோ போகும். மின்னஞ்சலில் அது இரண்டு வரியாக உடைந்தால் முன்பாதி மட்டும் சுட்டியாகி, தட்டியவர் பிழைப்பக்கத்துக்கு வந்து சேர்வார். இதைவிட நுட்பமானது ஒகர உயிர்மெய். ‘பொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். வாசகர் எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை தெரியாது என்பதால் இதைப் பிழைப்பக்கத்திடம் விடக் கூடாது. வரும் முகவரியை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பக்கம் இருந்தால் 301 கொடுக்கும்படி நிரலரிடம் கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: பக்கம் உண்மையிலேயே இருக்கும், கூகுள் அதைப் பிழையென்று நினைக்கும். விற்றுத் தீர்ந்த நூலின் பக்கத்தில் விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டு ‘இருப்பில் இல்லை’ என்று மட்டும் போட்டால், எண் 200ஆக இருந்தாலும் அந்தப் பக்கம் சாஃப்ட் 404 பட்டியலில் விழக்கூடும். நூல் மறுபடி அச்சாகும் என்றால் அட்டைப்படம், ஆசிரியர், உள்ளடக்கம், அதே ஆசிரியரின் பிற நூல்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இருப்பு பற்றிய வரி மட்டும் மாறட்டும். புதிய பதிப்பு தனிப் பக்கமாக வந்துவிட்டால் பழையதிலிருந்து அதற்கு 301. இனி வரவே வராத நூல், இணையான வேறொன்றும் இல்லை என்றால் பக்கத்தை எடுத்துவிட்டு 404 கொடுக்கலாம், அல்லது ‘இருந்தது, நீக்கிவிட்டோம்’ என்று பொருள்படும் 410. கூகுளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.