கையில் இருக்கும்போதே களவுபோகும் இலக்கம்

கையடக்கத் தொலைபேசி நம் கையிலேயே இருக்க, அதன் இலக்கம் மட்டும் களவுபோக முடியும். இதனையே சிம் மாற்று மோசடி என்கிறோம்.

இலக்கம் சிம் அட்டைக்குள் இருப்பதாகவே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், எந்த இலக்கம் எந்த அட்டைக்குரியது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் பழைய இலக்கத்தை மீண்டும் பெற முடிவது அதனால்தான். மோசடிக்காரன் நம்மைப்போல் நடித்து, அந்தப் பதிவைத் தன்னிடமுள்ள அட்டைக்கு மாற்றிக்கொள்கிறான். உடனே நமது அட்டை செயலிழக்கும். வங்கியும் மின்னஞ்சலும் நமக்கு அனுப்பும் இரகசியக் குறியீடுகள் அவனைச் சேரும்.

2024 ஜனவரி 9ஆம் திகதி அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரச ஆணைக்குழுவின் எக்ஸ் கணக்கு ஒரு தொலைபேசி இலக்கத்துடன் இணைந்திருந்தது. அந்த இலக்கத்துக்குரியவரின் பெயரில் ஒருவன் போலி அடையாள அட்டை அச்சிட்டான். அலபாமா மாநிலக் கடையொன்றில் அதைக் காட்டிப் புதிய சிம் பெற்றான். அதற்கு வந்த குறியீட்டைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். அவர்கள் அக்கணக்கில் பிட்கொயின் பற்றிய பொய் அறிவித்தலை வெளியிட்டார்கள். பிட்கொயின் விலை ஆயிரம் டொலருக்கு மேல் ஏறி, உண்மை தெரிந்ததும் இரண்டாயிரம் டொலருக்கு மேல் சரிந்தது. மறு ஆண்டில் அவனுக்குப் பதினான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது. இங்கே சிம் கைமாறியதற்குக் காரணம், கடை ஊழியர் ஒரு போலி அட்டையை நம்பியது மட்டுமே.

நிறுவனப் பூட்டு அடைப்பது இந்த வழியைத்தான். அது இடப்பட்டால், உரியவர் தமது செயலி மூலமோ இரகசிய எண் மூலமோ பூட்டை நீக்கும்வரை புதிய சிம் வழங்கப்படாது. தொலைபேசியில் சிம் பின் இட்டிருப்பதே போதுமென என் உம்மா நினைத்திருந்தார். சிம் பின், திருடிய அட்டையை வேறு தொலைபேசியில் இடுபவனைத்தான் தடுக்கும். புதிய அட்டை வாங்குபவனைத் தடுக்காது. பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் இரகசிய எண்ணைக் கூறிவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை.

அடுத்தது எச்சரிக்கைச் செய்தி. சிம் மாற்றக் கோரிக்கை வந்ததும் நிறுவனம் அறிவித்தால், மாற்றம் முடியுமுன்னரே தடுக்கலாம். ஆனால் மாற்றம் முடிந்தபின் அதே இலக்கத்துக்கு வரும் குறுஞ்செய்தியை வாசிப்பவன் திருடன்தான். ஆகவே, நிறுவனத்தினதும் வங்கியினதும் அறிவித்தல்கள் மின்னஞ்சலுக்கும் வருமாறு பதிவுசெய்ய வேண்டும்.

பக்கத்திலிருப்பவரின் அதே நிறுவனச் சிம்முக்குச் சிக்னல் இருக்க, நமது திரையில் மட்டும் No Service என்று தோன்றி, தொலைபேசியை அணைத்துப் போட்டும் மாறாவிட்டால் காத்திருக்கக் கூடாது. வேறொரு தொலைபேசியிலிருந்து முதலில் நிறுவனத்தை அழைத்து இலக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து வங்கியை அழையுங்கள். அந்த இரண்டு இலக்கங்களையும் இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.