அறைக்குக் கூடுவது 3,000. பில்லில் கூடுவது எவ்வளவு?

தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் முதலில் கேட்பது, “எந்த ரூம் வேணும் சார்?” என்பதுதான். பலர் கூடிப் படுக்கும் ஜெனரல் வார்டு, இருவருக்கான ஷேரிங் ரூம், தனி அறை, ஏ.சி. தனி அறை, டீலக்ஸ், சூட் என்று அட்டையில் வரிசையாக இருக்கும். எதிரே நாள் வாடகை. “நாலு நாள்தானே, வசதியாவே இருக்கட்டும்” என்று நோயாளியின் மகன் டீலக்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வாடகை மட்டும்தான் கூடும் என்பது அவர் கணக்கு.

ஆனால் மருத்துவமனையின் கணக்கு வேறு. பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்தே மற்றக் கட்டணங்களும் அமைகின்றன. சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் வாடகை, டாக்டர் தினமும் வந்து பார்ப்பதற்கான விசிட் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஜெனரல் வார்டுக்கு ஒரு விலை, தனி அறைக்கு ஒரு விலை, டீலக்ஸுக்கு ஒரு விலை. அதே டாக்டர், அதே தியேட்டர்தான். வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்ற வியாபாரக் கணக்குதான் இது. ‘பேக்கேஜ்’ என்று சொல்லும் அறுவை சிகிச்சைக் கட்டணத்திலும் அறைக்கு அறை விலை மாறும். மருந்துகளின் எம்.ஆர்.பி. மட்டும் எந்த அறையில் படுத்தாலும் ஒன்றுதான்.

இதற்கு மேல் வரியும் உண்டு. ஐ.சி.யூ. அல்லாத அறையின் நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். 2022 ஜூலை 18-ல் வந்த வரி இது.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவருக்குத்தான் பெரிய அடி. பல பாலிசிகளில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்பது பரவலான அளவு. 3 லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய். அதைத் தாண்டிய அறை எடுத்தால், கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைப்போம். அப்படியல்ல. தகுதியான வாடகைக்கும் எடுத்த அறையின் வாடகைக்கும் உள்ள விகிதத்திலேயே, அறையைச் சார்ந்த மற்றக் கட்டணங்களையும் நிறுவனம் வெட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 3 லட்சம் பாலிசிக்காரர் பித்தப்பைக் கல்லுக்காக 4 நாள் தங்குகிறார். நாளுக்கு 6,000 ரூபாய் அறை. வாடகை 24,000, ஜி.எஸ்.டி. 1,200. சர்ஜன், தியேட்டர், விசிட், நர்சிங் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மருந்தும் பரிசோதனையும் 40,000. மொத்தம் 1,65,200.

அவருக்குத் தகுதி 3,000, எடுத்தது 6,000. அதாவது பாதி. எனவே வாடகையில் 12,000, அந்த ஒரு லட்சத்தில் 50,000, மருந்தும் பரிசோதனையும் முழுசாக 40,000 என்று 1,02,000 கிடைக்கும். கையிலிருந்து 63,200 கட்ட வேண்டும். அவரே 3,000 ரூபாய் அறை எடுத்து, அந்த அறைக்குச் சர்ஜன் முதலான கட்டணங்கள் 70,000 என்று வைத்துக்கொண்டால், மொத்த பில்லே 1,22,000-தான். பாலிசியில் விலக்கப்பட்ட சில்லறைச் செலவுகள் போக, முழுவதும் கிடைத்துவிடும்.

இந்த வெட்டுக்கும் எல்லை உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் வகுத்த விதிகளின்படி மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது. அறைக்கு ஏற்ப விலை மாற்றாத மருத்துவமனையின் பில்லிலும் வெட்ட முடியாது. உங்கள் பில்லில் ஸ்கேனுக்கோ ஸ்டென்டுக்கோ இப்படிப் பிடித்திருந்தால், நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்.

சில பாலிசிகளில் தொகைக்குப் பதிலாக ‘ஏ.சி. தனி அறை’ என்று வகை மட்டும் எழுதியிருக்கும். அதிலும் டீலக்ஸ் எடுத்தால் இதே வெட்டுதான். தகுதியான அறை காலி இல்லை என்று மேல்வகை அறையைக் கொடுத்தால், “பில் எந்த அறை விலையில் வரும்?” என்று கேட்டு, பழைய விலைதான் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் டிஸ்சார்ஜ் அன்று நிற்காது.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு வேலை செய்யுங்கள். பாலிசியில் ‘ரூம் ரென்ட்’ வரியைப் படியுங்கள். இரண்டு அறை வகைக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் கேளுங்கள். அட்டையில் இருக்கும் வாடகையை ஒப்பிடாமல், அந்த இரண்டு மொத்தத் தொகைகளை ஒப்பிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள்.