தாத்தா தச்ச சட்டையும் தடுமாறும் நாக்கும்

நாக்கைச் சுழற்றும் சவால் வீடியோக்களில் அடிக்கடி சிக்குவது, 'யாரு தச்ச சட்டை? தாத்தா தச்ச சட்டை' என்ற பழைய வாய்விளையாட்டுதான். முதல் சுற்றில் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். அடுத்தது பேச்சு வேகம். மூன்றாவதில் மூச்சு விடாமல் மூன்று முறை. அங்கேதான் 'தாத்தா சச்ச தட்டை' பிறக்கும்.

காரணம் எளிது. 'த' சொல்ல நாக்கு நுனி மேற்பல்லைத் தொட வேண்டும். 'ச்ச' வர நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும். 'ட்ட' என்றால் நுனி மேல்நோக்கி வளைய வேண்டும். மெதுவாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவகாசம் உண்டு. வேகம் கூடினால், அடுத்து வரவேண்டிய ஒலிக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகி, இடம் மாறி விழுகிறது.

எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. வாயசைவு தெரியும்படி கேமரா முகத்துக்கு அருகில் இருக்கட்டும். சரியான வரியைத் திரையில் எழுத்தாகக் காட்டுங்கள். இல்லையென்றால் எங்கே உளறினார் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

வேண்டுமென்றே உளறினால் எளிதில் தெரிந்துவிடும். நடிப்பவர் வேடிக்கையான வேறு சொல்லைத் தேடிப் போடுவார்; உண்மையான உளறலில் பெரும்பாலும் அதே வரியின் எழுத்துகளே இடம் மாறும். ஆகவே ஒத்திகை பார்க்காதவரையே கேமரா முன் நிறுத்துங்கள்.